வடிவத்திலிருந்து வளர்ச்சிக்கு: உண்ணிக்கடிச் சிவப்பு ஒரு நோய்க்குறியான வரலாறு

முன்னுரை

உண்ணி கடித்த இடம் சிவந்து தடிப்பது இயல்பு. பெரும்பாலும் அது உண்ணியின் எச்சிலுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு மட்டுமே. இரண்டொரு நாளில் அடங்கிவிடும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காணப்படும் லைம் நோயிலோ, சிவப்பு சில நாட்கள் கழித்துத் தோன்றி மெல்ல விரிகிறது. பலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்து வருகின்றன. முன்னதற்கு மருந்து தேவையில்லை. பின்னதைக் கவனிக்காமல் விட்டால் நரம்பையும் மூட்டையும் தாக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வளையம் போன்ற தோற்றமே மருத்துவர்களின் கண்ணை முதலில் ஈர்த்தது. எனினும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்கால ஆய்வின் முடிவில் நம்பத்தக்க அடையாளமாக நின்றது தோற்றமன்று, கடித்ததற்கும் சிவந்ததற்கும் இடைப்பட்ட காலமும் சிவப்பின் வளர்ச்சியுமே என்பது இதன் வாதம்.

ஐரோப்பியத் தோல்மருத்துவர்கள்: 1909–1955

ஸ்வீடன் நாட்டுத் தோல்மருத்துவர் அர்விட் அஃப்சேலியஸ் 1909 இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில், உண்ணி கடித்த இடத்திலிருந்து வெளிநோக்கிப் பரவிய சிவந்த வளையம் ஒன்றை விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் எரித்தீமா மைக்ரன்ஸ், அதாவது இடம்பெயரும் சிவப்பு. 1913 இல் வியன்னாவின் பெஞ்சமின் லிப்ஷூட்ஸ், மாதக்கணக்கில் நீடித்த ஒரு வளையத்தைப் பதிவு செய்து, ‘நாள்பட்ட’ என்ற அடைமொழியை அப்பெயருடன் சேர்த்தார். இருவருக்கும் அது தோல்நோய்தான்.

அந்த எல்லையை 1922 இல் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர்கள் காரேன், புஜாது இருவரும் தாண்டினர். அவர்களிடம் வந்தவருக்கு உண்ணி கடித்த இடத்தில் பெரிய சிவப்பு பரவியிருந்தது. அதைத் தொடர்ந்து கடுமையான நரம்புவலியும் தசைச் செயலிழப்பும் வந்தன. தோலில் தெரிந்தது உடலுக்குள் நடப்பதன் ஒரு பகுதியே என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. 1930 இல் ஸ்வீடனின் ஸ்வென் ஹெல்லர்ஸ்ட்ரோம், இதே சிவப்புடன் மூளையுறை அழற்சியும் சேர்ந்துவந்த ஒரு நேர்வை வெளியிட்டார்.

காரணி கிருமிதானா என்பது அடுத்த கேள்வி. 1948 இல் ஸ்வீடனில் கார்ல் லென்ஹோஃப், இத்தகைய தோல் மாதிரிகளில் சுருள்வடிவ நுண்ணுயிர்களைப் போன்றவற்றைக் கண்டதாக எழுதினார். அவரது சாயமுறை ஐயத்துக்கு இடமளித்ததால் அது பரவலாக ஏற்கப்படவில்லை. ஆயினும் அதையொட்டிப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தபோது வளையங்கள் மறைந்தன. 1955 இல் ஜெர்மன் மருத்துவர்கள் மூவர், வளையத்திலிருந்து எடுத்த தோலை நலமாயிருந்தவர்களின் தோலில் பதித்தபோது அங்கும் அதே சிவப்பு தோன்றியது. பெனிசிலினால் அதுவும் நீங்கியது. எச்சிலுக்கான ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இவ்வாறு தாவாது. ஆகவே கிருமி எதுவென்று தெரியாத நிலையிலும், உயிருள்ள ஏதோ ஒன்று தோலுக்குள் இருக்கிறது என்பது இச்சோதனையால் ஏறக்குறைய உறுதியானது.

கனெக்டிகட்டின் மூட்டுவீக்கம்: 1970–1980

அமெரிக்கத் தோல்மருத்துவர்களுக்கு இந்த வளையம் அறிமுகமற்றதாக இருந்தது. 1970 இல் விஸ்கான்சினின் ருடால்ஃப் ஸ்கிரிமென்டி, வேட்டைக்குப் போன இடத்தில் உண்ணிக்கடி பட்ட ஒரு மருத்துவரின் சிவப்பைப் பதிவு செய்தார். ஐரோப்பியக் கட்டுரைகளை அறிந்திருந்த அவர் பெனிசிலின் கொடுத்துக் குணமாக்கினார். அமெரிக்காவில் தோன்றிய முதல் நேர்வாக இது மருத்துவ இதழில் இடம்பெற்றது. ஆனால் அதிகக் கவனம் பெறவில்லை.

1975 இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில், பாலி மரே என்ற தாய், தம் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் பலருக்கு மூட்டு வீங்குவதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீரும் உடன் பணியாற்றியோரும் லைமிலும் அண்டை ஊர்களிலும் விசாரித்து 51 நோயாளிகளைக் கண்டறிந்தனர். அவர்களுள் 39 பேர் குழந்தைகள். மூட்டுவீக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பு விரிந்து பரவிய ஒரு சிவப்பு வந்ததாக 13 பேர் நினைவுகூர்ந்தனர். உண்ணி கடித்ததைச் சொல்ல முடிந்தவர் ஒருவர் மட்டுமே. நோயைப் பரப்பும் இளம் உண்ணி 2 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதன் கடி வலிப்பதுமில்லை.

இங்கு ஸ்டீர் குழுவினர் விசாரணையின் திசையைத் திருப்பினர். மூட்டுநோயாளியிடம் பழைய சிவப்பைப் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், சிவப்போடு வருபவர்களைத் தேடிப் பதிந்து, அவர்களுக்குப் பின்னால் என்ன நேர்கிறது என்று தொடர்ந்து பார்த்தனர். அவர்களில் பலருக்கு மூட்டும், சிலருக்கு நரம்பும் இதயமும் பாதிக்கப்பட்டன. இதனால் தோல்சிவப்பு நோயின் தொடக்கக் கட்டமாக இடம்பெற்றது. தொடக்கத்தில் வைரசை ஐயுற்ற இக்குழு நுண்ணுயிர்க்கொல்லிகளில் நம்பிக்கை வைக்கவில்லை. ஆனால் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், அம்மருந்துகள் சிவப்பின் காலத்தைக் குறைப்பதை அதே குழு பதிவு செய்தது.

கிருமியும் வளர்ச்சியின் காரணமும்: 1981 முதல்

மொன்டானா மாநிலத்திலிருந்த ஆய்வகம் ஒன்றில் பணிபுரிந்த வில்லி பர்க்டார்ஃபர், 1981 இல், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை வேறொரு காய்ச்சலின் கிருமிக்காக அறுத்துப் பார்த்தார். அவற்றின் நடுக்குடலில் சுருள்வடிவப் பாக்டீரியாக்கள் தென்பட்டன. 1982 இல் வெளியான கட்டுரையின்படி, சோதித்த உண்ணிகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் அவை இருந்தன. அடுத்த ஆண்டு நோயாளிகளின் உடலிலிருந்தும் அவை பிரித்தெடுக்கப்பட்டன. 1984 இல் அந்தக் கிருமிக்குப் பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர் சூட்டினர்.

இரண்டு சிவப்புகளும் வெவ்வேறாக நடந்துகொள்வதன் காரணம் இதன் பின்னரே விளங்கியது. உண்ணியின் எச்சில் கடித்த புள்ளியில் மட்டும் இறங்குகிறது. அதன் அளவு வரம்புக்குட்பட்டது. ஆகவே அதற்கான எதிர்ப்பு சில மணி நேரத்திலேயே எழுந்து, எச்சில் கரைந்ததும் தணிகிறது. பொரேலியாவோ பசித்த உண்ணியின் குடலில் அசைவற்றிருக்கிறது. இரத்தம் உள்ளே வந்தபின் பெருகி, எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து, அதன்பின்பே மனிதத் தோலுக்குள் புகுகிறது. இதற்கு வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். தோலில் அது மெதுவாகப் பெருகி எல்லாத் திசைகளிலும் வெளியே நகர்கிறது. அது செல்லுமிடமெல்லாம் அழற்சியும் பின்தொடர்கிறது. சிவப்பின் விளிம்பு நகர்வது கிருமி நகர்வதன் அடையாளம். கிருமி இரத்தத்தில் கலக்கும்போது காய்ச்சல், தலைவலி, சோர்வு வருகின்றன. சிலருக்கு உடலின் வேறு இடங்களிலும் சிவப்புகள் தோன்றுகின்றன.

அளவுகோல்

1990களில் அமெரிக்க நோய்க் கண்காணிப்புக்கு வகுத்த வரையறை இந்த அறிவைச் சுருக்கித் தந்தது. சிவப்பு பல நாட்களாக விரிய வேண்டும். அதன் குறுக்களவு குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆக வேண்டும். கடித்த சில மணி நேரத்தில் தோன்றும் சிவப்பு, வளையமாகவே இருந்தாலும், ஒவ்வாமையாகவே கொள்ளப்பட்டது.

இரண்டும் ஒரே ஆளிடம் அடுத்தடுத்து வரக்கூடும் என்பதால், இதை விளக்க அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கனெக்டிகட்டில் ஜூன் 10 அன்று காட்டுப்பாதையில் நடந்த ஒருவர், 12 ஆம் தேதி காலை முழங்கால் மடிப்பில் உண்ணியைக் கண்டு எடுத்துவிடுகிறார். அன்று மாலையே அங்கு 2 சென்டிமீட்டர் சிவப்பு, அரிப்பு கடுமை. பேனாவால் அதன் விளிம்பைக் குறிக்கிறார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை; 15 ஆம் தேதிக்குள் மறைந்துவிட்டது. இது எச்சிலுக்கான எதிர்ப்பு.

20 ஆம் தேதி அதே இடம் மீண்டும் சிவக்கிறது. அளவு 3 சென்டிமீட்டர். அரிப்பு மிகக் குறைவு, வலி இல்லை. மறுபடி கோடு வரைகிறார். 22 ஆம் தேதி சிவப்பு கோட்டைக் கடந்து 6 சென்டிமீட்டர் ஆகிறது. 25 ஆம் தேதி 11 சென்டிமீட்டர். அன்றே 38.5 பாகை செல்சியஸ் காய்ச்சலும் கழுத்துவலியும் தொடங்குகின்றன. கடித்து ஒரு வாரத்துக்குமேல் கழித்துப் பிறந்து நாளுக்கு நாள் வளரும் இரண்டாவது சிவப்பே எரித்தீமா மைக்ரன்ஸ். கடிக்குப்பின் 3 முதல் 30 நாட்களுக்குள் அது தோன்றலாம். வயதுவந்தோருக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளொன்றுக்கு இருமுறை 10 நாட்கள் என்பது வழக்கமான சிகிச்சை. மாற்றுமருந்தை மருத்துவர் முடிவு செய்வார்.

வேறு சில சிவப்புகளையும் இதே கேள்விகள் பிரிக்கின்றன. படர்தாமரையும் வளையமாகவே விரியும். ஆனால் அதன் ஓரம் செதிலுடன் இருக்கும், அரிக்கும், வாரக்கணக்கில் நகரும், காய்ச்சல் வராது. கடித்த இடத்தில் சீழ்க்கிருமி புகுந்தால் சிவப்பு மணிக்கணக்கில் பெருகும். தொட்டால் வலியும் சூடும் மிகும்.

வடிவத்தின் வரம்புகள்

நடுவில் வெளுத்து ஓரத்தில் சிவந்த ‘இலக்குவட்டம்’ இல்லையென்றால் லைம் இல்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது சரியன்று. 1999 இல் வெளியான ஓர் ஒப்பாய்வு நியூயார்க் நோயாளிகளையும் ஸ்லோவேனியா நோயாளிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தது. ஐரோப்பாவில் பெரும்பான்மைக் கிருமி பொரேலியா அஃப்சேலீ. அதன் சிவப்பு மெதுவாக விரிந்து நீண்ட நாள் இருப்பதால் நடுப்பகுதி தெளிய நேரம் கிடைக்கிறது. அமெரிக்கக் கிருமியின் சிவப்பில் நடு தெளிவது குறைவு. காய்ச்சல் முதலிய உடல்நோவுகளோ அதிகம். அமெரிக்க நோயாளிகளில் பெரும்பாலோரிடம் காண்பது முழுதும் சிவந்த வட்டம்தான். ஐரோப்பியர் வளையத்தை எழுதியதும், அமெரிக்கர் காய்ச்சலோடு சேர்ந்த நோயை எழுதியதும் ஓரளவு கிருமி வகையின் வேறுபாட்டால் விளைந்தவை.

கருத்த, மாநிறத் தோலில் இச்சிவப்பு கன்றிய இடம்போல் மங்கித் தெரியும். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் நோய் மூட்டுவீக்கக் கட்டத்தில் கண்டறியப்படுவது விகிதத்தில் கூடுதலாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கூறுவர். இரத்தப் பரிசோதனையும் இக்கட்டத்தில் கைகொடுப்பதில்லை. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆவதால், சிவப்புடன் வருபவர்களில் பலருக்கு முடிவு ‘இல்லை’ என்றே வரும். அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மேலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேறொரு வகை உண்ணி கடித்தபின் இதே போன்ற சிவப்பு வருகிறது. அதில் பொரேலியா பர்க்டார்ஃபெரி இல்லை.

தமிழ்நாட்டில் காய்ச்சலோடு கடிவாய் தெரியும்போது மருத்துவர்கள் முதலில் ஐயுறுவது ஸ்க்ரப் டைபஸை. உண்ணியைவிட நுண்ணிய உயிரியின் இளம்பருவம் கடித்துப் பரவும் அந்நோயில் அடையாளம் விரியும் வட்டமன்று. சிகரெட் சுட்டதுபோன்ற, வலியில்லாத கறுத்த பொருக்கு. வளையத்தைத் தேடுபவர் அதைத் தவறவிடக்கூடும்.

முடிவுரை

அஃப்சேலியஸ் 1909 இலேயே விரிவதைத்தான் பெயராக்கினார். ஆனால் வளையம் என்ற தோற்றமே பொதுமனத்தில் தங்கியது. தோல் பதித்த சோதனை, கனெக்டிகட் தொடராய்வு, கிருமியின் கண்டுபிடிப்பு, இரு கண்டங்களின் ஒப்பாய்வு ஆகியவை சேர்ந்து, தோற்றத்தைப் பின்தள்ளிக் காலத்தையும் அளவையும் முன்நிறுத்தின. ஒருமுறை பார்த்து முடிவு செய்ய முடியாத சிவப்பை, விளிம்பைக் குறித்து, தேதியிட்டு, ஒரு நாள் கழித்து மீண்டும் அளப்பது இந்த வரலாற்றின் நடைமுறைப் பயன். கோட்டுக்குள் நின்றால் எச்சில். கோட்டைக் கடந்து நாள்தோறும் வளர்ந்தால், காய்ச்சல் வரக் காத்திராமல், சிகிச்சை தொடங்க வேண்டும்.