கொசைனின் குறி: புள்ளிப் பெருக்கலில் கிடைக்கும் கோணத்தைச் சரிபார்க்கும் முறைகளின் வரலாறு

முன்னுரை

இரண்டு வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணத்தை a·b = |a||b| cos θ என்ற சமன்பாட்டால் காண்பது இன்று மேல்நிலைப் பள்ளிக் கணக்கு. வந்த விடை சரிதானா என்று பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது கொசைனின் குறி. அது நேர்க்குறியானால் குறுங்கோணம், சுழியானால் செங்கோணம், எதிர்க்குறியானால் விரிகோணம். எளிதாகத் தோன்றும் இந்த விதி ஒரே நாளில் வந்ததன்று. யூக்ளிடுக்கு அது இரண்டு தனித் தேற்றங்களாக இருந்தது. ஆய்லரிடம் ஒரே சார்பின் இயல்பானது. ஹாமில்டனிடம் தலைகீழாக வந்தது. கிப்ஸிடம் இன்றைய வடிவத்தைப் பெற்றது. இந்த மாற்றங்களின் ஊடே கோணத்தைச் சரிபார்க்கும் முறைகள் எப்படி உருவாயின என்பதை, ஒரே முக்கோணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முக்கோணத்தின் முனைகள் A(2, −1, 3), B(0, 0, 0), C(−1, 4, 1). B முனையில் உள்ள கோணம் தேவை. B-யிலிருந்து புறப்படும் வெக்டர்கள் a = (2, −1, 3), b = (−1, 4, 1). புள்ளிப் பெருக்கல் −2 − 4 + 3 = −3. நீளங்களின் வர்க்கங்கள் 14, 18. எனவே cos θ = −3/√252 ≈ −0.189, θ ≈ 100.89°.

யூக்ளிடின் இரண்டு தேற்றங்கள்

‘எலிமென்ட்ஸ்’ இரண்டாம் நூலின் 12, 13ஆம் தேற்றங்கள் இன்று கொசைன் விதி என்று நாம் சொல்வதையே வடிவியல் மொழியில் சொல்கின்றன. விரிகோண முக்கோணத்தில், விரிகோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கக் கூடுதலைவிட ஒரு குறிப்பிட்ட செவ்வகத்தின் இருமடங்கு அதிகம் என்கிறது 12ஆம் தேற்றம். குறுங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தில் அதேபோன்ற செவ்வகத்தின் இருமடங்கு குறையும் என்கிறது 13ஆம் தேற்றம். எதிர் எண் என்ற கருத்து யூக்ளிடிடம் இல்லை. ஆகவே இன்று ஒரு குறியால் காட்டும் வேறுபாட்டை அவர் இரண்டு தேற்றங்களாகப் பிரித்து நிறுவ வேண்டியிருந்தது.

நம் முக்கோணத்தில் AC-யின் வெக்டர் b − a = (−3, 5, −2); அதன் வர்க்கம் 38. மற்ற இரு பக்கங்களின் வர்க்கக் கூடுதல் 14 + 18 = 32. 38 பெரிது; ஆகவே B விரிகோணம். மிகுதி 6. அதில் பாதியான 3தான் யூக்ளிட் சொன்ன செவ்வகத்தின் பரப்பு. A-யிலிருந்து CB கோட்டுக்கு வரையும் செங்குத்து B-க்கு வெளியே, 3/√18 நீளம் தள்ளி விழுகிறது. அந்த நீளத்தையும் BC-யின் √18 நீளத்தையும் பெருக்கினால் 3 வரும். புள்ளிப் பெருக்கலில் கிடைத்த −3-இன் எண்ணளவும் அதுவே. செங்குத்து வெளியே விழுந்ததைத்தான் கழித்தல் குறி சொல்கிறது.

கொசைனையோ கால்குலேட்டரையோ தொடாமல் செய்யத்தக்க இந்தச் சோதனை இன்றும் பயன்படும். |a − b|² என்பது |a|² + |b|²-ஐவிடப் பெரியதா சிறியதா என்று பார்த்தால், விடை 90 பாகையின் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

குறி ஒரே சார்புக்குள் வருதல்

இரண்டு தேற்றங்களும் ஒன்றாக வேண்டுமானால், விரிகோணத்தின் கொசைன் எதிர் எண் என்பது நிலைபெற வேண்டும். ஆய்லர் 1748இல் வெளியிட்ட ‘இன்ட்ரொடக்டியோ’ நூலில் ஆரம் 1 கொண்ட வட்டத்தை அடிப்படையாக்கி, சைனையும் கொசைனையும் வெறும் எண்களாகவே கையாண்டார். கோணம் செங்கோணத்தைத் தாண்டினால் கொசைன் எதிர்க்குறி பெறும் என்பது அங்கே தனி நிபந்தனையாக இல்லாமல் சார்பின் பண்பாகவே வந்துவிடுகிறது.

அடுத்த படி லக்ராஞ்சியுடையது. 1773இல் முக்கோணப் பிரமிடுகள் பற்றி எழுதிய கட்டுரையில், இன்று புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் என்று அழைக்கப்படும் கோவைகள் ஆயத்தொலைகளின் வடிவிலேயே வருகின்றன. அவற்றை இணைக்கும் முற்றொருமை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது: |a×b|² + (a·b)² = |a|²|b|².

நம் எடுத்துக்காட்டில் a×b = (−13, −5, 7). அதன் வர்க்கம் 169 + 25 + 49 = 243. வலப்பக்கம் 14 × 18 = 252. 243 + 9 = 252 என்று இரு பக்கமும் ஒத்துப்போவதால், எங்கும் கூட்டல் பிழை இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. புள்ளிப் பெருக்கல் வர்க்கமாகவே இதில் வருகிறது; +3 என்று தவறாக எழுதியிருந்தாலும் 9 மாறாது. கோணத்தைக் குறுக்குப் பெருக்கலின் நீளத்தைக் கொண்டு சைன் வழியே கண்டாலும் இதே சிக்கல்தான். √243/√252 ≈ 0.982, அதன் தலைகீழ் சைன் 79.11°. இது 100.89°-இன் மிகைநிரப்பி. எண்ணளவைச் சரிபார்க்கும் வழிகள் குறியைப் பார்ப்பதில்லை. குறிக்குத் தனிச் சோதனை வேண்டும்.

ஹாமில்டனின் கழித்தல் குறி

1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரில் ஹாமில்டன் குவாட்டர்னியன்களைக் கண்டறிந்தார். i, j, k ஒவ்வொன்றின் வர்க்கமும் −1 என்பது அதன் அடிப்படை விதி. இதனால் இரண்டு வெக்டர்களைப் பெருக்கும்போது விடையில் இரண்டு பகுதிகள் வரும்: ஒரு எண், ஒரு வெக்டர். வெக்டர் பகுதி இன்றைய குறுக்குப் பெருக்கலே. எண் பகுதியோ இன்றைய புள்ளிப் பெருக்கலின் எதிர்க்குறி, அதாவது −|a||b| cos θ.

நம் a, b இரண்டையும் குவாட்டர்னியன் முறையில் பெருக்கினால் எண் பகுதி +3, வெக்டர் பகுதி (−13, −5, 7). விரிகோணத்துக்கு நேர்க்குறி வருகிறது! ஹாமில்டனின் முறைக்குள் இதில் முரண் எதுவும் இல்லை. அந்த முறையில் எழுதிய நூலை இன்றைய விதியோடு படித்தால்தான் எல்லாக் கோணமும் மிகைநிரப்பியாக மாறிவிடும்.

இயற்பியலாளருக்கு இது நெருடியது. ஒரு வெக்டரைத் தன்னோடு பெருக்கினால் எதிர் எண் வருகிறது. திசைவேகத்தின் வர்க்கமும் எதிர் எண் ஆகிறது. இயக்க ஆற்றலை எழுதும் ஒவ்வொரு முறையும் கழித்தல் குறி ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். ஹெவிசைடு இதை வெளிப்படையாகவே சாடினார். ஜெர்மனியில் கிராஸ்மன் தனியே உருவாக்கிய உட்பெருக்கலில் இந்தக் கழித்தல் குறி இல்லை. ஆனால் அவருடைய நூலைப் படித்தவர்கள் அன்று மிகச் சிலரே.

யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸ் 1881லும் 1884லும் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டில், குவாட்டர்னியன் பெருக்கலின் இரண்டு பகுதிகளையும் தனித்தனிப் பெருக்கல்களாகப் பிரித்தார். எண் பகுதியை நீளங்களையும் இடைக்கோணத்தின் கொசைனையும் பெருக்கிய விடையாக, நேர்க்குறியுடன் வரையறுத்தார். குவாட்டர்னியன் ஆதரவாளரான டெயிட் இதைக் கடுமையாக எதிர்க்க, 1890களின் முற்பகுதியில் ‘நேச்சர்’ இதழில் விவாதம் நீண்டது. கிப்ஸின் விரிவுரைகளைக் கொண்டு எட்வின் பிட்வெல் வில்சன் எழுதி 1901இல் வெளிவந்த ‘வெக்டர் அனாலிசிஸ்’ பாடநூலின் வழியாக இன்றைய குறி வழக்கம் பரவியது.

குறி தலைகீழாகும் ஆபத்து அதோடு தீரவில்லை. வேறு வாசல் வழியே இன்றும் வருகிறது. B-யில் உள்ள கோணத்துக்கு BA, BC என்று எடுக்காமல், வரிசையாக AB, BC என்று எடுத்தால் புள்ளிப் பெருக்கல் +3 ஆகி, கோணம் 79.11° என்று வரும். அது முக்கோணத்தின் வெளிக்கோணம். மற்ற இரு கோணங்களையும் கண்டால் பிழை பிடிபடும். A-யில் 17/√532, அதாவது 42.52°. C-யில் 21/√684, அதாவது 36.59°. இவற்றோடு 100.89° சேர்ந்தால் 180°. 79.11° சேர்ந்தால் 158.22°தான்.

கொசைன் 1-ஐ நெருங்கும்போது

குறி சரியாக இருந்தும் கோணம் பிழையாக வரும் இடம் ஒன்று உண்டு. கோணம் சுழியை நெருங்கும்போது கொசைன் மிக மெதுவாகவே மாறும். கோணத்தின் சிறு வேறுபாடு கொசைனின் கடைசி இலக்கங்களுக்குள் புதைந்துவிடும். மடக்கை அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்ட கடலோடிகள் இதை நன்கு அறிவார்கள். கொசைனுக்குப் பதிலாக (1 − cos θ)/2, அதாவது sin²(θ/2), என்ற அளவை அவர்கள் கையாண்டனர். ஜேம்ஸ் இன்மன் 1835இல் அதற்கு ஹாவர்சைன் என்று பெயரிட்டார். அது ஒருபோதும் எதிர் எண் ஆகாது.

கணினியில் a = (1, 0), b = (1, 10⁻⁹) என்று கொடுத்துப் பாருங்கள். உண்மைக் கோணம் ஏறத்தாழ 10⁻⁹ ரேடியன். ஆனால் |b|² = 1 + 10⁻¹⁸ என்பது இரட்டைத் துல்லியத்தில் 1 என்றே முழுமையாக்கப்படுகிறது. கொசைன் 1, கோணம் சுழி. வேறு சில வெக்டர்களுக்கு முழுமையாக்கல் பிழையால் கொசைன் 1-ஐத் துளி தாண்டி, தலைகீழ் கொசைன் `nan` என்று திருப்பித் தரும். 1-க்கு மேல் போனதை 1 என்று வெட்டிவிடுவது நிரலை ஓடவைக்கும். தொலைந்த கோணத்தை மீட்டுத் தராது.

மிதவைப் புள்ளிக் கணக்கீட்டுக்கான 1985ஆம் ஆண்டுத் தரத்தின் முதன்மைச் சிற்பி வில்லியம் கஹான் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். இரு வெக்டர்களையும் ஒரே நீளமாக்கி, அவற்றின் வித்தியாசத்தின் நீளத்தையும் கூடுதலின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். அந்த விகிதம் tan(θ/2).

```python
import numpy as np
def angle(a, b):
    p = a * np.linalg.norm(b)
    q = b * np.linalg.norm(a)
    return 2 * np.arctan2(np.linalg.norm(p - q),
                          np.linalg.norm(p + q))
```

மேலே சுழியாகிப்போன கோணம் இதில் 10⁻⁹ என்றே கிடைக்கிறது. நம் முக்கோணத்துக்கு 1.7609 ரேடியன், அதாவது 100.89°. θ 0-க்கும் 180 பாகைக்கும் இடையில் இருப்பதால் θ/2 எப்போதும் செங்கோணத்துக்குள் அடங்கும். ஆகவே குறியைத் தவறவிட இங்கே வாய்ப்பே இல்லை. வித்தியாசம் கூடுதலைவிட நீளமானால் விரிகோணம்.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, கொசைனின் குறி ஒரு வழக்காறும்கூட. எந்தக் குறி வழக்கில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் பழைய குவாட்டர்னியன் நூலிலிருந்து கோணத்தை எடுக்கக் கூடாது. இரண்டு, விரிகோணமா குறுங்கோணமா என்பது வழக்காறு சாராத உண்மை. அதைப் பக்கங்களின் வர்க்கங்களைக் கொண்டு தனியே சோதிக்க முடியும். ஆகவே சரிபார்க்கும் வரிசை இப்படி அமைவது நல்லது: இரு வெக்டர்களும் ஒரே முனையிலிருந்து புறப்படுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும், |a − b|²-ஐ |a|² + |b|²-உடன் ஒப்பிட்டுக் குறியை உறுதிசெய்ய வேண்டும், லக்ராஞ்சியின் முற்றொருமையால் எண்ணளவைச் சோதிக்க வேண்டும், கொசைன் 1-ஐயோ −1-ஐயோ நெருங்கினால் கஹானின் சூத்திரத்துக்கு மாற வேண்டும். லக்ராஞ்சியின் முற்றொருமை ஒத்துவந்தது என்பதற்காக மட்டும் கோணத்தை ஏற்பது தவறு; 79.11°-உம் அந்தச் சோதனையில் தேறிவிடும்.