ஒருசந்தி: நாற்பது நாளுக்கு ஒரு பழைய பெயர்

தோவாளையில் பூக்கட்டுவோருக்குக் கல்யாண மாதம் எது, கொடை எப்போது என்பதெல்லாம் மனப்பாடம். கத்தோலிக்கர்களின் தவக்காலமும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த நாற்பது நாளும் பீடத்தில் பூ வைப்பதில்லை. நான்காம் ஞாயிறும், மார்ச் 19-இல் வரும் சூசையப்பர் திருநாள் போன்ற பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விலக்கு. கல்யாணங்களைத் தள்ளிப்போடுவார்கள். தலையில் பிச்சிப்பூ சூடாமல் நோன்பிருக்கும் பெண்களும் உண்டு.

இந்தக் காலத்துக்குத் தமிழில் பல பெயர்கள் வழங்கியிருக்கின்றன. முன்பு 'தபசு காலம்' என்றார்கள். இன்று 'தவக்காலம்' என்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் ஆங்கிலத்திலிருந்து வந்த 'லெந்து' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது வசந்த காலத்தின் பெயர். நோன்பு என்ற பொருள் பிறகு ஏறியது. பெரியவர்கள் வாயில் நிலைத்த சொற்களோ இரண்டு: ஒருசந்தி, சுத்தபோசனம்.

சந்தி என்றால் பகலும் இரவும் கூடும் வேளை. பொழுது என்ற பொதுப்பொருளில், ஒரு நாளில் ஒரே வேளை உண்பதை ஒருசந்தி என்றார்கள். 'ஒருபொழுது' என்பதும் இதே விரதந்தான். மலையாளத்தில் இதை 'ஒரிக்கல்' என்பார்கள். புரட்டாசிச் சனிக்கு விரதமிருக்கும் இந்துக்களும் ஒருசந்தி என்றே சொல்வதுண்டு. கிறிஸ்தவர்கள் ஊரில் ஏற்கெனவே இருந்த விரதத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இறைச்சியை விலக்கிய உணவு சுத்தபோசனம். ஒன்று எத்தனை வேளை என்பதைச் சொல்கிறது. மற்றது என்ன உணவு என்பதைச் சொல்கிறது.

நாற்பது என்ற எண் இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களிலிருந்து வந்தது. மோசே சீனாய் மலையில் இருந்ததும் எலியா ஓரேபு மலைக்கு நடந்ததும் நாற்பது நாள். ஆனால் தொடக்கத்தில் எல்லோரும் நாற்பது நாள் இருக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் நோன்பிருந்ததாக இரேனியு எழுதியிருக்கிறார். 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் விதி ஒன்றில் 'நாற்பது' என்பது இந்தக் காலத்தின் பெயராகவே வந்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழாவில் ஞானஸ்நானம் பெறுவோர் அதற்கு முன் நோன்பிருந்ததும், சபை முழுவதும் அவர்களோடு சேர்ந்துகொண்டதும் இந்த வழக்கத்தை நிலைநிறுத்தின.

நாட்காட்டியில் எண்ணினால் நாற்பது வராது. 2026-இல் விபூதிப் புதன் பிப்ரவரி 18. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. இடையில் ஏப்ரல் 4 வரை 46 நாட்கள். ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பில்லை. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. முதலில் ஆறு வாரம் மட்டும் இருந்தபோது வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 36 நாள்தான் கிடைத்தது. குறைந்த நான்கு நாளை முன்னே சேர்த்தார்கள். அதனால்தான் தொடக்கம் புதன்கிழமையில் விழுகிறது. குமரி மாவட்டத்தின் சீரோ மலபார், சீரோ மலங்கரை சபையார் இதை 'ஐம்பது நோன்பு' என்கிறார்கள். அவர்கள் ஞாயிறுகளைக் கழிப்பதில்லை, திங்களன்றே தொடங்கிவிடுவார்கள்.

1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதியைத் தளர்த்தினார். இன்று கத்தோலிக்கர்களுக்குக் கட்டாய ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள் மட்டுமே. அதுவும் 18 வயது முதல் 59 வரை. ஒரு முழுச் சாப்பாடும், அதோடு சேர்ந்து இன்னொரு முழுச் சாப்பாடு ஆகிவிடாத அளவில் இரண்டு சிறு உணவும் கொள்ளலாம். சுத்தபோசனம் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. திருச்சபை விதிப்படி மீன் இறைச்சியில் சேராது. ஆனாலும் மீன் இல்லாமல் சோறு இறங்காத குமரி மாவட்டத்தில், நாற்பது நாளும் மீனை விடுவதையே பெரிய நோன்பாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மது, புகை, சினிமா ஆகியவற்றையும் விடுகிறார்கள். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களும் உண்டு.

நோன்பு என்ற சொல்லின் வேர் 'நோல்'. பொறுத்தல் என்பது அதன் பொருள். வள்ளுவரும் தவத்துக்கு இரண்டு கூறு சொல்கிறார்: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. ஏசாயாவின் 58-ஆம் அதிகாரம் இதற்கும் மேலே போய், பசித்தவனோடு உணவைப் பகிர்வதே நோன்பு என்கிறது. விட்ட மீனுக்கான காசு வீட்டிலேயே தங்கிவிட்டால் அது சிக்கனம். இன்னொரு வீட்டு அடுப்புக்குப் போனால்தான் நோன்பு.

'தவக்காலம்' காலத்தைச் சொல்கிறது. 'ஒருசந்தி' செய்ய வேண்டியதைச் சொல்கிறது. விதி இரண்டு நாளாகச் சுருங்கிய பின்னும், ஒரு காலத்தில் நாற்பது நாளும் ஒரே வேளை உண்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்கள் அதை அகராதிக்கு அனுப்பிவிடாமல் பொருளோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.