குறைந்தது என்பது குறைவு அன்று

பள்ளி வழிகாட்டி நூல்களில் ஒரு பட்டியல் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. ‘குறை’ என்ற சொல் கண்ணில் பட்டால் < போடு, ‘அதிகம்’, ‘மிகை’, ‘மேல்’ என்று பட்டால் > போடு என்பது அதன் சாரம். இதை நம்பிய பிள்ளை ‘தேர்ச்சிக்குக் குறைந்தது 35 மதிப்பெண் வேண்டும்’ என்ற வரியைப் பார்த்து x < 35 என்று எழுதிவைக்கிறது. 34 எடுத்தவர் தேறிவிடுகிறார், 90 எடுத்தவர் தோற்றுவிடுகிறார். ‘வேனில் அதிகபட்சம் 12 பேர் ஏறலாம்’ என்பது x > 12 ஆகி, பதின்மூன்றாவது ஆள் வந்தால்தான் வண்டி கிளம்பும் என்றாகிறது. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். நான் ஏற்கவில்லை. பிள்ளைக்குப் பிடிபடாதது இலக்கணம். அதைச் சொல்லிக் கொடுக்காதவர்கள் நாம்.

‘குறைந்தது’ என்ற வடிவம் இரண்டு வேலை செய்கிறது. ‘அன்னூர்ப் பக்கம் மழை குறைந்தது’ என்றால் அது வினைமுற்று. ‘குறைந்தது ஐம்பது தேங்காய் வேண்டும்’ என்றால் வினையாலணையும் பெயர்: குறைந்து நிற்கும் அந்த ஒன்று. ஐம்பது, ஐம்பத்தொன்று, அறுபது என்று ஏற்கத்தக்க எண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் அடியில் நிற்பது ஐம்பது. அதன் பெயர்தான் ‘குறைந்தது’. ஐம்பது அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருப்பதால் சமக்குறியும் தானே வந்துவிடுகிறது: x ≥ 50. பெயராக நிற்பதை வினையாக வாசித்தவர் < போடுகிறார். தவறு பிறக்கும் இடம் இதுதான், வேறில்லை.

பேச்சு வழக்கு இதற்குச் சாட்சி சொல்கிறது. கொங்கு நாட்டுச் சந்தையில் ‘கம்மியாப் பாத்தாலும் அம்பது தேறுமுங்க’ என்பார்கள். கம்மி பாரசீகத்திலிருந்து வந்த சொல். அதன் இணை ஜாஸ்தி அரபு வேரிலிருந்து உருது வழியாக வந்தது. சொல் எங்கிருந்து வந்தாலும் கட்டுமானம் நம்முடையது. ‘பாத்தாலும்’ என்னும் அந்த ‘ஆலும்’, எவ்வளவு இறங்கிப் பார்த்தாலும் நிற்கும் கடைசிப் படியைக் காட்டுகிறது. இதைச் சொல்லும் வியாபாரி ஒருநாளும் < என்று பொருள் கொள்ளமாட்டார்.

இனி ‘பட்சம்’. குறைந்தபட்சத்தில் வரும் பட்சத்துக்குச் ‘சிறு பங்கு’ என்று சிலர் பொருள் எழுதுகிறார்கள். அப்படியானால் அதிகபட்சத்தில் அது என்ன செய்கிறது என்று கேட்டாலே அந்த விளக்கம் விழுந்துவிடும். வடமொழி ‘பக்ஷ’வுக்குச் சிறகு, பக்கம், தரப்பு என்பன பொருள். மாதத்தின் இரு பக்கங்கள் சுக்கில பட்சமும் கிருஷ்ண பட்சமும். ஒரு தரப்பின் மேல் சாய்வது பட்சபாதம். பகு, பக்கம் என்ற தமிழ் வழியே அந்தச் சொல் போனது என்ற கட்சியும் உண்டு. என் வாதத்துக்கு எந்த வழியும் சம்மதமே, இரண்டும் சேரும் இடம் ‘பக்கம்’தான். ‘மழை பெய்யும் பட்சத்தில்’ என்கிறோமே, அங்கே பட்சம் என்றால் நேரக்கூடிய நிலைகளில் ஒன்று. ஆக, குறைந்தபட்சம் என்பது நேரக்கூடிய நிலைகளில் மிகக் குறைந்தது. அதிகபட்சம் அவற்றில் மிக உயர்ந்தது. முன்னது ≥, பின்னது ≤. சொல்லின் முகம் ஒரு பக்கம் பார்க்க, குறியின் வாய் மறுபக்கம் திறப்பது ஏன் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. சொல் கரையைச் சுட்டுகிறது, குறி அந்தக் கரையிலிருந்து உள்ளே போகும் திசையைச் சுட்டுகிறது.

இந்தக் கரைகளுக்குப் பழந்தமிழில் தனிப்பெயரே இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் ஆசிரியப்பாவுக்கு அளவு வகுக்கும்போது கீழ்க்கரையை ‘இழிபு’ என்றும் மேல்கரையை ‘எல்லை’ என்றும் சொல்கிறது. இழிபு மூன்று அடி, எல்லை ஆயிரம் அடி. குறியில் எழுதினால் 3 ≤ x ≤ 1000. மூன்றடியில் வரும் ஆசிரியப்பாவும் ஆசிரியப்பாவே என்பதால் சமக்குறியை விட முடியாது. பின்னாளில் யாப்பு நூலார் இவற்றைச் சிற்றெல்லை, பேரெல்லை என்று ஆண்டார்கள். பட்சத்தை வேண்டாதவர்கள் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். இவை இரண்டும் தயாராக இருக்கின்றன.

தொகை நூல்களைப் பிரித்ததும் இதே கணக்கில்தான். குறுந்தொகை நான்கடி முதல் எட்டடி வரை, நற்றிணை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அகநானூறு பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை. குறுந்தொகைக்கு 4 ≤ x ≤ 8 என்று எழுதிக்கொண்டு ஏட்டைப் புரட்டினால் 307, 391 ஆகிய இரண்டு பாட்டும் ஒன்பதடியில் நின்று வரம்பை மீறுகின்றன. மீறல் என்று நமக்குத் தெரிவதே வரம்பு துல்லியமாக இருப்பதால்தான்.

இங்கே நுட்பமான ஒன்றையும் கவனிக்க வேண்டும். அடியை முழு எண்ணாகத்தான் எண்ணுகிறோம். ஆகவே ‘எட்டுக்கு மிகாமல்’ என்றாலும் ‘ஒன்பதுக்குக் குறைவாக’ என்றாலும் குறுந்தொகைக்கு ஒன்றே. எடை, ஈரம், வயது போன்று இடைவெளியின்றி ஓடும் அளவுகளுக்கு வரும்போது இந்த வசதி போய்விடும். எட்டரை என்று ஒன்று அங்கே உண்டு.

அன்னூர் வட்டாரத் தென்னை விவசாயிக்குத் தெரிந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். அரசு ஆதரவு விலையில் வாங்கும் அரவைக் கொப்பரைக்கு ஈரப்பத வரம்பு 6 சதவீதம். தர விதியில் அது உச்சவரம்பு, அதாவது x ≤ 6. தமிழில் அதைச் சொல்லும்போதோ ‘6 சதவீதத்துக்கு மிகாமல்’ என்றும் எழுதுகிறார்கள், ‘6 சதவீதத்துக்கும் குறைவாக’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றில் ஈரமானி சரியாக 6.0 காட்டுகிறது என்று வையுங்கள். ‘மிகாமல்’ என்று படித்த அலுவலர் எடை போடுவார். ‘குறைவாக’ என்று படித்தவர், ‘இன்னும் ஒரு வெயில் காயட்டும்’ என்று திருப்பி அனுப்புவார். ‘ஆறுதானுங்க காட்டுது, அதுக்கு மேல போகலீங்களே’ என்று விவசாயி சொன்னால், விதிப்படி அவர் பேச்சே சரி.

அந்த மூட்டையில் நீர் 3 கிலோ, மற்றது 47 கிலோ. ஈரம் 5.9 ஆக இறங்க அதிலிருந்து ஏறக்குறைய 53 கிராம் நீர் வற்றினால் போதும். அந்த 53 கிராமுக்காகத் திரும்பும் மூட்டையின் மதிப்பு, 2025ஆம் ஆண்டின் ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் என்ற கணக்கில், 5,791 ரூபாய். ஒரு தசம இடம் மட்டும் காட்டும் கருவியில் 5.95ம் 6.0தான், 6.04ம் 6.0தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சமக்குறி உண்டா இல்லையா என்ற கேள்வி அங்கே வண்டி வாடகையாக வந்து நிற்கும்.

எப்படிப் பிரித்தறிவது? எண்ணின் வாலைப் பார்க்க வேண்டும். எண் உருபின்றி நின்றால் (குறைந்தது 50, அதிகபட்சம் 12, 8 வரை) அந்த எண்ணும் சேர்த்தி. எண் உருபேற்று நின்றால் (50-க்குக் குறைவு, 12-ஐவிட அதிகம், 18-க்கு மேல்) அந்த எண் விலக்கு. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூலார் சொன்ன நான்கு பொருளில் ஒப்பும் எல்லையும் உண்டு. ‘கோவையின் வடகிழக்கே அன்னூர்’ என்றால் கோவை எல்லை. அன்னூர் அதற்கு வெளியே. ஒப்பில்தான் சிக்கல் இருந்தது. காக்கையை வைத்துக் களாம்பழத்தின் கருமையைச் சொல்லும் பழைய எடுத்துக்காட்டில், பழம் காக்கை அளவு கறுப்பா, காக்கையை மிஞ்சிய கறுப்பா என்ற கேள்வி எழும். உரையாசிரியர்கள் முன்னதை உவமப்பொரு என்றும் பின்னதை உறழ்பொரு என்றும் பிரித்தார்கள். = வேறு, > வேறு என்ற பிரிப்பு அது. இன்றைக்கு நாம் ‘விட’, ‘காட்டிலும்’ என்று சேர்ப்பது உறழ்பொருவை ஐயமறக் காட்டத்தான்.

எதிர்மறை வந்தால் கணக்குத் திரும்பும். இரண்டு அளவுகளுக்கு இடையே குறைவு, சமம், மிகுதி என்று மூன்றே நிலை. ‘மிகாமல்’ என்பது ஒன்றை மட்டும் தள்ளுகிறது. மற்ற இரண்டும் மிஞ்சுகின்றன. அதனால் மிகாமல், மேற்படாமல் என்பவை ≤. குறையாமல், குறையாத என்பவை ≥. ‘பத்துக்கு மேல்’ > என்றால் ‘பத்துக்கு மேல் கூடாது’ ≤. மிகு என்ற வினைக்கு இந்தத் துல்லியம் புதிதன்று. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முதல் குறளிலேயே மிகுதலையும் குறைதலையும் அளவின் இரு பக்கமாக வைத்துவிட்டார். ‘வல்லினம் மிகா இடம்’ என்று படிக்கிறோமே, அங்கே எழுத்து கெடுவதில்லை, இருந்தபடியே நிற்கிறது. மிகாமைக்குள் சமம் அடங்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஐரோப்பியர் இந்தச் சேர்க்கைக்குக் குறி காண வெகுகாலம் எடுத்தார்கள். ரெக்கார்ட் 1557இல் சமக்குறியை அச்சிட்டார். ஹாரியட்டின் நூல், அவர் இறந்து பத்தாண்டு கழித்து 1631இல், < > இரண்டோடும் வெளிவந்தது. அவற்றின் அடியில் கோடு சேர்த்துப் பூகேர் எழுதியது 1734இல். ஒரு நூற்றாண்டுக்கு மேல், அடியில் கோடிட்ட இந்தக் குறி ‘மிகாமல்’ என்பதற்கு அவர்களிடம் இல்லை.

‘உட்பட்ட’ என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ‘14 உட்பட’ என்றால் பதினான்கு சேர்த்தி. ‘14 வயதுக்கு உட்பட்ட’ என்றால் விலக்கு. ஒரே வேர், உருபு வந்ததும் குறி மாறுகிறது. வாக்குரிமைக்கு அரசியலமைப்பு சொல்வது பதினெட்டுக்குக் குறையாத வயது. செய்தியில் அது ‘18 வயதுக்கு மேற்பட்டோர்’ ஆகிவிடுகிறது. தகுதி நாள் 2026 ஜனவரி 1 என்றால், 2008 ஜனவரி 1 அன்று பிறந்தவருக்கு அன்று சரியாகப் பதினெட்டு. குறையாத என்றால் அவர் வாக்காளர். மேற்பட்ட என்றால் அல்லர்.

‘10-ஆம் தேதிக்குள்’ என்பதில் உருபு வந்தும் பத்தாம் தேதி சேர்கிறதே என்பார்கள். தேதி ஒரு புள்ளி அன்று, இருபத்து நான்கு மணி நேரம் கொண்ட பரப்பு. உள் என்பது அந்தப் பரப்பின் முடிவைக் கரையாகக் கொள்கிறது. விதி குலையவில்லை.

கொப்பரை வரம்புக்குச் சரியான தமிழ் ‘6 சதவீதத்துக்கு மிகாமல்’ என்பதே. ‘குறைவாக’ என்ற சொல்லை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.