குடிகாரனா, குடிநோயாளியா?

எங்கள் பக்கத்தில், பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எந்தத் தெருவில் கேட்டாலும், குடியைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்தான் காதில் விழும். ஒன்று, "அது வியாதி சார், அவனைச் சொல்லிக் குற்றமில்லை." மற்றொன்று, "திமிர் சார். நாலு சாத்து சாத்தினால் தானாக விட்டுவிடுவான்." இரண்டையும் சொல்பவர் சில சமயம் ஒரே ஆளாகவும் இருப்பார். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று. இந்தக் கேள்வி நம் ஊரில் எப்படி எப்படி மாறி வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

என் வயதுக்காரர்களுக்கு மதுவிலக்குக் காலம் நினைவிருக்கும். ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தார். 1948ல் மாகாணம் முழுவதும் வந்தது. அந்தக் காலத்தில் குடிப்பது குற்றம், குடித்தவன் குற்றவாளி. போலீஸ் பிடிக்கும், கோர்ட்டில் அபராதம் கட்டுவார், மறுபடியும் பிடிபடுவார். 1971ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள். 1974ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 1981ல் திரும்பவும் தளர்த்தினார்கள். 2003 கடைசியில் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. பத்து வருடத்துக்குள் ஒரே மனிதன், ஒரே பழக்கத்துக்காக, முதலில் குற்றவாளி, பிறகு வாடிக்கையாளர், பிறகு மறுபடி குற்றவாளி! அவன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இந்தச் சட்டங்கள் எதுவும் கேட்கவில்லை.

அதைக் கேட்ட இடம் அடையாறு பக்கம், இந்திரா நகரில் உருவானது. டி.டி.கிருஷ்ணமாச்சாரி குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி.ரங்கநாதன் குடிப்பழக்கத்தால் இளம் வயதிலேயே காலமானார். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த அம்மாள் 1980ல் கணவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். 1992ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. குடிகாரன் என்ற பழைய சொல்லுக்குப் பக்கத்தில் குடிநோயாளி என்ற சொல் நம் ஊரில் புழக்கத்துக்கு வந்ததில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நோய் என்று ஏன் சொல்கிறார்கள்? வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்துவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மூளை பல வருடமாகச் சாராயத்தின் அமுக்கத்துக்கு எதிராக மிதித்துப் பழகியிருக்கிறது. அமுக்கம் போனதும் அது கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. "ரூமில் போட்டுப் பூட்டினால் மூன்று நாளில் சரியாகிவிடும்" என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மூன்று நாள்தான் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டிய மூன்று நாள். அங்கே மன உறுதிக்கு வேலையே இல்லை. அதனால்தான் சிகிச்சையில் முதல் சில நாட்கள் மருந்துக்கு, அதற்குப் பிறகு வரும் வாரங்கள் பேச்சுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மனைவிக்கும் வீட்டாருக்கும் தனி வகுப்பு உண்டு.

அப்படியானால் அவர் மேல் பொறுப்பே இல்லையா? இங்கேதான் ஒரு மாத்திரையின் கதை வருகிறது. டைசல்பிராம் என்று பெயர். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு எதிராக இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இது குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. சாராயம் உடம்பில் செரிக்கும்போது நடுவழியில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகிறது. சாதாரணமாக உடம்பு அதை உடனே மாற்றிவிடும். மாத்திரை அதைத் தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்துப் படுத்துவிடுவார். மாத்திரையை நிறுத்தினாலும் இந்தத் தன்மை உடம்பில் இரண்டு வாரம் வரை இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாலை ஏழு மணிக்குக் கடை வாசலில் நிற்பவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் சக்தி மிகக் குறைவு. காலை ஏழு மணிக்கு, தெளிவாக இருக்கும்போது, மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளும் சக்தி இருக்கிறது. மாலையில் எடுக்க முடியாத முடிவை அவர் காலையிலேயே எடுத்து வைத்துவிடுகிறார். அதனால்தான் நல்ல டாக்டர்கள் இதை நோயாளியிடம் விளக்கி, சம்மதம் வாங்கி, மனைவியோ அம்மாவோ பார்க்கும்படி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராம் இருந்தால், தெரியாமல் குடிக்கும் இதய நோயாளி செத்தே போகலாம். எல்லாருக்கும் இது ஏற்ற மருந்தும் இல்லை. இதயமும் ஈரலும் பழுதானவர்களுக்குக் கொடுப்பதில்லை.

எங்கள் ஆபீசில் சேலையூரிலிருந்து வரும் ஒரு நண்பர் இருந்தார். சம்பளத் தேதியில் அவர் மனைவி வாசலில் வந்து நிற்பார். கூட்டுறவு சொசைட்டியில் அவர் வாங்கிய கடனுக்கு நானும் இன்னொருவரும் ஜாமீன் போட்டிருந்தோம். அவர் கட்டாததால் எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். எண்பதுகளின் நடுவில் அவர் சிகிச்சைக்குப் போனார். இரண்டு வருடம் நன்றாக இருந்தார். ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதற்குச் சில வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தியிருந்தார். கல்யாணத்தில் விழுந்தார். மறுபடி சிகிச்சை. இரண்டாவது முறை வந்த பிறகு, மாதம் ஐம்பது ரூபாய் என்று கணக்கு எழுதி எங்கள் இருவருக்கும் கடைசிப் பைசா வரை திருப்பிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். "வியாதி என்னுதுதான் சார், கடனும் என்னுதுதான்" என்றார். கல்யாணத்தில் குடித்ததைப் பற்றி ஆபீசே பேசியது. அவர் தன்னைக் கேட்டுக்கொண்டது அதை அல்ல. மாத்திரையை ஏன் நிறுத்தினேன் என்பதைத்தான்.

இதே கேள்வி 1968ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் லீராய் பவல் என்று ஒருவர். ஷூ பாலிஷ் போட்டு வாரம் சுமார் 12 டாலர் சம்பாதிப்பவர். பொது இடத்தில் குடித்துக் கிடந்ததற்காக ஏறக்குறைய நூறு முறை தண்டனை பெற்றவர். குடிநோய்க்கு அபராதம் போடலாமா என்பதுதான் வழக்கு. கீழ்க் கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார், விசாரணை அன்று காலை குடித்தாயா என்று. எட்டு மணிக்கு ஒரு கிளாஸ் என்றார் பவல். அப்படியானால் ஒன்றோடு நிறுத்த முடிகிறதே என்று அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டது. அவருடைய வக்கீல் எழுந்தார். அந்த ஒரு கிளாஸும் யாரோ கொடுத்தது, அடுத்ததற்குப் பவலிடம் காசு இல்லை, அதனால்தான் நின்றது என்று பவல் வாயாலேயே சொல்ல வைத்தார். ஒரே ஒரு கிளாஸ். இரண்டு தரப்புக்கும் அதுவே சாட்சி!

ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பவல் தோற்றார். அந்த ஐந்தில் ஒருவரான நீதிபதி வொய்ட் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தடுக்க முடியாத உந்துதலால் குடிப்பவனைக் குடித்ததற்காகத் தண்டிப்பது சரியல்ல. ஆனால் தன் நிலைமை தனக்குத் தெரிந்திருக்கும்போது, தெளிவாக இருந்த நேரத்தில், தெருவில் போய் விழாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்ள முடியாமல் போனது என்று பவல் நிரூபிக்கவில்லை என்றார். இருக்க வீடே இல்லாதவனிடம் இதைக் கேட்க முடியாது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. சேலையூர் நண்பர் தன்னையே கேட்டுக்கொண்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

நம் தாம்பரத்திலேயே இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 1928ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய சானடோரியம். காசநோய்க்காரரிடம் "உனக்கு எப்படி வந்தது" என்று அங்கே யாரும் குற்றம் சாட்டுவதில்லை. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. நோயாளிகள் வந்தபோது ஊர் அவர்களைப் பழித்தது. ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. ஆனால் இரண்டு பேரிடமும் அது ஒன்றைக் கேட்டது: மாத்திரையை நாள் தவறாமல் போட வேண்டும். வந்த விதத்துக்குப் பழி கிடையாது, இனி செய்ய வேண்டியதற்குப் பொறுப்பு உண்டு.

குடிக்கு இந்த அளவுகோல் முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசநோய் மனைவியை அடிக்கச் சொல்வதில்லை, பிள்ளையின் ஸ்கூல் பீஸை எடுக்கச் சொல்வதில்லை. நோய் என்று ஒப்புக்கொண்டதற்காக அடி வாங்கிய அம்மாள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகாது. நம் சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. தெரியாமல் யாராவது குடிக்க வைத்திருந்தால்தான் போதை ஒரு விலக்கு. தானாகக் குடித்தவன், அந்தச் செயலின் விளைவு தெரிந்தவன் என்றே கருதப்படுவான்.

ஆகவே அடுத்த முறை யாராவது "வியாதியா, திமிரா" என்று கேட்டால், எந்த நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். மாலை ஏழு மணி என்றால் திட்டிப் பயனில்லை. பேச வேண்டியதை மறுநாள் காலை, அவர் தெளிவாக இருக்கும்போது, கத்தாமல் பேசுங்கள். பேசி முடிக்கும்போது டாக்டர் வீட்டு விலாசம் கையில் இருக்கட்டும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. வீட்டுப் பெண்களும் அதில் பேசலாம்.