80 சென்டிமீட்டர் பட்டு

காஞ்சிபுரத்தில் புடவையோடு சேர்த்தே நெய்யப்பட்ட துணி அது. அரக்கு பார்டர் வைத்த கரும்பச்சைப் பட்டு. கும்பகோணத்தில் அம்மா அதைப் புடவையிலிருந்து பிரித்து, பல வருஷமாக ரவிக்கை தைத்துத் தரும் அக்காவின் கடையில் கொடுத்தார். அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய மகள் சிங்கப்பூரில் இருந்தாள். தம்பியின் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஊருக்கு வருவாள், அதனால் அங்கிருந்தபடியே வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பினாள்: “அக்கா, செஸ்ட் 36, இடுப்பு 32, ஷோல்டர் 14, உயரம் 14.5, கை 12. பிரின்சஸ் கட், பேக் டீப் நெக் 8, எல்போ ஸ்லீவ், கொஞ்சம் பஃப்.” கூடவே யாரோ ஒரு நடிகையின் படம்.

பார்வைக்கு எல்லாமே அதில் இருக்கிறது. அப்படியே வெட்டியிருந்தால் துணி வீணாகியிருக்கும். 80 சென்டிமீட்டர் என்பது சுமார் முப்பத்தொன்றரை அங்குலம். அதே நிறத்தில், அதே பார்டரோடு இன்னொரு துண்டு எங்கும் கிடைக்காது. அக்கா துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, குரல் பதிவில் முதல் கேள்வியைக் கேட்டார்: “36-னு போட்டிருக்கியேம்மா, அது உடம்புல எடுத்ததா, ரவிக்கையில எடுத்ததா?”

மற்ற எல்லாக் குழப்பமும் இதற்கு அடுத்துத்தான். உடம்பைச் சுற்றி டேப் பிடித்து எடுத்த அளவு என்றால், தையல்காரர் அதோடு ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் லூஸ் சேர்த்து வெட்டுவார். தைத்த ரவிக்கையில் எடுத்த அளவு என்றால் அந்த லூஸ் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மகள் எடுத்தது ரவிக்கையில். கொக்கிகளை மாட்டி, கட்டிலில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை 18 வந்ததை இரண்டால் பெருக்கியிருக்கிறாள். அது தெரியாமல் மேலே ஒன்றரை சேர்த்திருந்தால் முப்பத்தேழரை ஆகியிருக்கும். அக்குளில் துணி தொங்கும், அகலமான கழுத்து தோளை விட்டு நழுவும். அக்கா உடம்பு அளவையும் கேட்டு வாங்கினார். அது 35. ஒரு அங்குலம் லூஸ் விட்டால் 36 என்று இரண்டும் ஒத்துப்போனது. இப்படி ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடிவதால்தான், இரண்டு அளவையும் தனித்தனிப் பெயர் போட்டு அனுப்புவது நல்லது என்கிறேன்.

அடுத்தது இடுப்பு. அவள் சொன்ன 32 புடவை செருகும் இடத்தில் எடுத்தது. பதினாலரை அங்குல ரவிக்கை அங்கே வரைக்கும் இறங்காது, மார்புக்குக் கீழே விலாவிலேயே முடிந்துவிடும். அந்த இடத்தின் சுற்று அவளுக்கு 30. கீழ்ப்பட்டியை 32-க்குத் தைத்திருந்தால் உடம்பில் ஒட்டாமல் விலகி நின்றிருக்கும். தோளிலிருந்து நேரே கீழே பதினாலரை அளந்து, டேப் எங்கே முடிகிறதோ அந்த இடத்தைச் சுற்றி எடுக்கச் சொன்னார் அக்கா. உள்ளே என்ன அணியப் போகிறாளோ அதை அணிந்துகொண்டே எடுக்கவும் சொன்னார். தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள உயரம் அதைப் பொறுத்து மாறும். அது அரை அங்குலம் பிசகினாலும் டாட் முனை தவறான இடத்தில் போய் நிற்கும்.

கழுத்து இறக்கம்தான் எனக்கு எப்போதும் வியப்பு. அளக்கும் இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள், ஆனாலும் விடை வேறாக இருக்கும். மகள் சொன்ன 8, பின்கழுத்து எலும்பிலிருந்து எடுத்தது. தையல்காரர் வெட்டும்போது தோள்பட்டைத் தையலின் உச்சியிலிருந்து கணக்கு வைப்பார். அந்த உச்சி, கழுத்தெலும்பைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் மேலே இருக்கிறது. எலும்பிலிருந்து 8 என்றால் தோளிலிருந்து 9. ‘டீப்’ என்ற சொல்லை யார் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதைக் கட்டுப்படுத்தவே முடியாது. ஆனால் “தோள் தையலிலிருந்து நேர்கீழே 9” என்று எழுதினால் வேறு அர்த்தம் எடுக்க வழியில்லை. தசமப் புள்ளியிலும் கவனம் வேண்டும். அங்குல டேப்பில் ஒவ்வொரு அங்குலமும் எட்டுக் கோடுகளாகப் பிரிந்திருக்கிறது. 14.3 என்று எழுதினால் பதினாலுக்கு மேல் மூன்று கோடா, பத்தில் மூன்றா என்று ஒருவர் யோசிக்க நேரும். பதினாலேகால், பதினாலரை என்று எழுத்தில் போடுவதே பத்திரம்.

அனுப்பிய படத்தில் இருந்தது பிரின்சஸ் கட்டே இல்லை. பிரின்சஸ் கட்டில் தையல் அக்குள் வளைவில் தொடங்கி, மார்பு முனை வழியாகக் கீழ்வரை ஒரே கோடாக இறங்கும். படத்தில் கிண்ணம்போல் தனித்துண்டு வைத்த கட்டோரி. வார்த்தை ஒன்று, படம் வேறு. இரண்டில் எதை நம்புவது? அக்கா படத்தையே திருப்பி அனுப்பி, “உனக்கு எந்தத் தையல் வேணுமோ அதுமேல விரலால கோடு போட்டு அனுப்பும்மா” என்றார். மகள் அக்குளிலிருந்து கீழே நீண்ட கோடு போட்டாள். ஆக, அவள் சொன்ன பெயர் சரி, தேர்ந்தெடுத்த படம்தான் தப்பு.

கை விஷயத்தில் துணியே முடிவு சொன்னது. பெரிய பார்டர் ஒரு பக்கம்தான் இருந்தது. இரண்டு கைகளும் அந்தப் பார்டரிலேயே முடிய வேண்டுமானால், முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்ட வேண்டும். தையலுக்கு விடுவதையும் சேர்த்து ஒரு கைக்குப் பதினைந்து அங்குலம் போய்விடும். சுருக்கம் வைத்த பஃபுக்கு இடமே இல்லை. பார்டர் வேண்டுமா, பஃப் வேண்டுமா என்று அக்கா கேட்டார். மகள் பார்டரைத் தேர்ந்தாள். எல்போ என்றால் முட்டிக்கு மேலேயா, முட்டியை மூடியா என்பதும் அப்போதுதான் தெளிந்தது. மேலே, தோள் முனையிலிருந்து பத்து அங்குலம்.

இதற்குப் பிறகுதான் துணி வெட்டு மேஜைக்கு வந்தது. லைனிங் துணியை முந்தின இரவே தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, தேய்த்து வைத்திருந்தார்கள். பருத்தி லைனிங் பிறகு சுருங்கினால் பட்டு மேலே கொசுவிக்கொள்ளும். பக்கத் தையலை மூன்று வரிசையாக, கால் அங்குல இடைவெளியில் ஓட்டினார்கள். தொலைவிலிருந்து வரும் அளவுக்கு அக்கா எப்போதும் செய்வது இது. உள்வரியைப் பிரித்தால் கையில் அரை அங்குலமும், இரு பக்கமும் சேர்ந்து உடம்பில் ஒரு அங்குலமும் கிடைக்கும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே, சிங்கப்பூர் போகிற உறவினர் ஒருவரின் பெட்டியில் ரவிக்கை போய்ச் சேர்ந்தது. உடம்பு, கழுத்து, உயரம் எல்லாம் கச்சிதம். கை மட்டும் தூக்கினால் இழுத்தது. ‘கை 12’ உடம்பில் எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கா அரை அங்குலம்தான் லூஸ் விட்டிருந்தார். லைனிங் போட்ட பட்டு கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. கையைத் தூக்கியபடி எடுத்த படம் வந்ததும், “உள்பக்கம் முதல் தையலை மட்டும் பிரி, அக்குள் மூட்டோட நிறுத்திக்கோ” என்று பதில் போனது. சின்னக் கத்தரிக்கோலால் அவளே பிரித்துக்கொண்டாள்.

அன்றே அக்கா அளவு நோட்டில் அவள் பக்கத்தைத் திருத்தினார். கை சுற்று பன்னிரண்டரையை அடித்துவிட்டு 13 என்று எழுதி, பக்கத்தில் ‘லைனிங்கோடு பட்டு’ என்று குறித்தார். லைனிங் இல்லாத காட்டன் ரவிக்கைக்குப் பழைய பன்னிரண்டரையே போதும் என்பதால், அதையும் கீழே தனி வரியில் எழுதிவைத்தார்.