நேட்டாலில் ‘கூலி’யும் ‘சாமி’யும்: அகராதிப் பொருளும் உணர்வுப் பொருளும்

முன்னுரை

ஒரே பொருளைத் தரும் சொற்கள் ஒரே மதிப்பைத் தருவதில்லை என்பதைத் தொல்காப்பியம் உணர்ந்திருந்தது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒரு பொருளையே வேண்டிப் பெறும் சொற்கள். ஆயினும் எச்சவியல் அவற்றை முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றுகளாகப் பிரித்து வைக்கிறது. பொருள் சொல்லில் இருக்கிறது. மதிப்போ சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கிறது. இவ்வுறவு தலைகீழாகும்போது சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றம் தெளிவான சான்று தருகிறது.

கூலி

தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பயன். திருக்குறள் (619) முயற்சியின் பயனைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறது. ஊதியம், சம்பளம் என்பவற்றோடு ஒப்பிடுகையில் நாட்கணக்கில் பெறும் எளியவரின் வருவாய் என்னும் சாயல் இதற்கு உண்டு. ‘கூலிக்கு மாரடித்தல்’ என்னும் வழக்கில் இகழ்ச்சியும் தென்படுகிறது. எனினும் இச்சொல் பணத்தின் பெயரேயன்றி மனிதனின் பெயரன்று. உழைப்பவனைச் சுட்டக் கூலியாள், கூலிக்காரன் என விகுதியோ வேறொரு சொல்லோ சேர்க்க வேண்டியிருந்தது.

ஆங்கில வழக்கில் நிலைபெற்ற ‘கூலி’ தமிழிலிருந்து சென்றதா, குசராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து பிறந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அங்கு அது உழைப்பாளியின் பெயராயிற்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பன் துறையை அடைந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டால் அரசு இச்சொல்லாலேயே சுட்டியது. 1872இல் அவர்களது குறைகளை ஆராய்ந்த குழுவும் ‘கூலி ஆணையம்’ என்றே வழங்கப்பெற்றது. அதன் பின்னர் நியமிக்கப்பட்ட அலுவலர் ‘இந்தியக் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலர்’ எனப்பட்டார். அரசு ஏட்டில் பெயர் மாறியது, தெருவில் மாறவில்லை.

மாறாக, சொல்லின் எல்லை விரிந்தது. டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், ஆசிய இனத்தார் யாவர் எனக் கூறுமிடத்தில் கூலிகள், அராபியர், மலாய்க்காரர், துருக்கிப் பேரரசின் முகம்மதியக் குடிகள் என வரிசைப்படுத்துகிறது. தொழிலின் பெயர் இனப்பெயர்களுள் ஒன்றாக அமர்ந்துவிட்டது. இப்பெயரிலிருந்து விலகிநிற்கவே முசுலிம் வணிகர் தம்மை அராபியர் என்றும், பார்சி எழுத்தர் தம்மைப் பாரசீகர் என்றும் கூறிக்கொண்டனர் எனக் காந்தியடிகள் தம் வரலாற்றில் பதிவுசெய்கிறார். விலகிநிற்க வழியற்றவர்கள் பெரும்பான்மையரான தமிழ், தெலுங்கு, வட இந்தியத் தொழிலாளர்களே.

1893இல் அங்குச் சென்ற காந்தியடிகளை வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். இத்தொடர் நல்லதோர் உரைகல். நாட்கூலி பெறுபவன் என்னும் அகராதிப் பொருள் பாரிஸ்டருக்குச் சற்றும் பொருந்தாது. பொருந்தாத இடத்திலும் ஒரு சொல் தடையின்றி வழங்குமாயின், அதில் எஞ்சியிருப்பது இழிவுக் குறிப்பு மட்டுமே எனத் துணியலாம்.

சாமி

கூலியில் இகழ்ச்சியின் விதை முன்பே இருந்தது எனலாம். ‘சாமி’க்கு அவ்விளக்கமும் பொருந்தாது. தலைவன், கடவுள் என்பன அதன் பொருள். முனுசாமி, கோவிந்தசாமி, இராமசாமி முதலிய பெயர்களின் ஈற்றைத் துண்டித்தெடுத்த வெள்ளையர், இந்தியர் எவரையும் ‘சாமி’ என அழைத்தனர். தமிழில் இது தாழ நிற்பவர் உயர்ந்தவரை நோக்கிக் கூறும் விளி. நேட்டாலில் அதன் திசை திரும்பியது. அழைக்கப்பட்டவருக்குத் தனிப்பெயர் உண்டென்பதையே அது மறுத்தது.

துணிவுள்ள இந்தியர் சிலர், சாமி என்றால் எசமானன் என்பது பொருள், நான் உமக்கு எசமானன் அல்லேன் என மறுமொழி கூறினர் எனக் காந்தியடிகள் எழுதுகிறார். கேட்ட ஆங்கிலேயர் சிலர் கூசினர், சிலர் சினந்தனர். அகராதிப் பொருளை நினைவூட்டுவதே எதிர்ப்பாக அமைந்தது இங்குக் கருதத்தக்கது. பொருளை அறிந்த பின்னும் சினந்தவர், தாம் வழங்கியது பொருளையன்று, இடத்தையே என்பதைக் காட்டிக்கொடுத்தனர்.

முடிவுரை

கூலி, சாமி இரண்டும் அகராதியில் இழிசொற்கள் அல்ல. ஒன்று தொழிலைக் கடந்து இனத்தின் மேல் ஏற்றப்பட்டது. மற்றொன்று விளியின் திசை மாறியதால் கெட்டது. ஆதலின் காலனிய ஆவணங்களைத் தமிழாக்குவோர் ‘கூலி’ என வருமிடந்தோறும் ‘தொழிலாளர்’ எனப் பெயர்த்தால் இழிவு மறைந்துபோகும். ‘கூலி’ என்றே விட்டால் தமிழ் வாசகர் சம்பளத்தை எண்ணக்கூடும். யார், யாரை, எந்த ஆண்டில் அவ்வாறு அழைத்தார் என்னும் குறிப்போடு மூலச்சொல்லைக் காத்தலே வரலாற்றுக்கு நேர்மையாகும்.