TRV: ஒரு பழம்பெயரின் மூன்றெழுத்தும் ஒரு நிலையத்தின் இரு வாயில்களும்

திருவனந்தபுரத்தின் வரலாற்றில் 1991ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் குறிக்கத்தக்கது. ஆங்கிலேயர் நாவில் ‘டிரிவாண்ட்ரம்’ எனச் சுருங்கிப்போன ஊர்ப்பெயர் அவ்வாண்டில்தான் அரசாணையால் தன் முழு வடிவத்தை மீண்டும் பெற்றது. அங்குள்ள விமான நிலையம் பன்னாட்டு நிலையமாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான். பெயர்ப்பலகைகள் மாறின, அரசு ஏடுகள் மாறின. பயணச்சீட்டில் அச்சாகும் TRV என்ற மூன்றெழுத்து மட்டும் மாறவில்லை. Trivandrum என்ற கைவிடப்பட்ட எழுத்துக்கூட்டலிலிருந்து பிறந்த அந்தக் குறியீடு இன்றும் வழக்கில் இருக்கிறது.

இந்நிலையத்தின் தொடக்கம் திருவிதாங்கூர் அரசின் காலத்தைச் சேர்ந்தது. அரச குடும்பத்தில் மணமுடித்தவரும் விமானமோட்டுதலில் பெருவிருப்பம் கொண்டவருமான கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1930களின் தொடக்கத்தில் இங்கு விமானக் கழகம் ஒன்று உருவானது. 1935இல் டாடா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து தபாலுடன் இங்கு வந்திறங்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரின் தென்பகுதி. 1956 நவம்பர் 1 அன்று அது தமிழ்நாட்டுடன் இணைந்தபோது மாநில எல்லை மாறியது, பயணிகளின் வழி மாறவில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் மக்களுக்கு அண்மையிலுள்ள பெரிய விமான நிலையம் இன்றும் இதுவே. ஆதலால் TRV என்ற எழுத்துகளைச் சரியாகப் படிப்பது கேரளப் பயணிகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று.

இக்குறியீடுகளைப் பேணுவது 1945இல் ஹவானாவில் தோற்றுவிக்கப்பட்ட பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம். விமான நிறுவனங்கள் தங்களுக்குள் தந்தி வழியே செய்தி பரிமாறிக்கொண்ட நாளில், நீண்ட ஊர்ப்பெயர்கள் செலவையும் பிழையையும் பெருக்கின. எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்தத்தக்க குறுங்குறி வேண்டியிருந்தது. சங்கத்தின் 763ஆம் தீர்மானத்தின்படி, ஒருமுறை வழங்கப்பட்ட குறியீடு நிலையானது. வலுவான காரணம், முதன்மையாக வான்பயணப் பாதுகாப்பு சார்ந்த காரணம் இருந்தாலன்றி அது மாற்றப்படுவதில்லை. ஊரின் பெயர் மாறியது அத்தகைய காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. சென்னைக்கு MAA, மும்பைக்கு BOM, கொல்கத்தாவுக்கு CCU எனப் பழம்பெயர்கள் குறியீடுகளுக்குள் நிலைத்திருப்பது இதனால்தான். கண்ணூர் இன்னும் வியப்பான சான்று. ‘கன்னனூர்’ என்ற ஆங்கில வழக்கு மறைந்து நெடுங்காலம் கழித்து, 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட புத்தம்புதிய நிலையம் அது. ஆயினும் அதன் குறியீடு CNN.

எனவே குறியீட்டைப் பழம்பெயரின் எச்சம் என்று சொல்லலாமா? பாதி மட்டுமே சரி. ஹைதராபாத்தைப் பார்த்தால் மறுபாதி புலப்படும். 2008இல் ஷம்சாபாத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டபோது, HYD என்ற குறியீடு பேகம்பேட்டையை விட்டு அங்கே குடிபெயர்ந்தது. பேகம்பேட்டைக்கு BPM என்ற வேறொரு குறியீடு கிடைத்தது. விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு வேறு. அதை வகுத்தது ஐக்கிய நாடுகள் அவையைச் சார்ந்த பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு. அந்த வரிசையில் பேகம்பேட்டையின் VOHY அங்கேயே தங்கிவிட்டது, ஷம்சாபாத் VOHS என்ற புதிய பெயரைப் பெற்றது. நான்கெழுத்து நிலத்தைப் பற்றி நிற்கிறது. மூன்றெழுத்து பயணியர் கூட்டத்தைப் பின்தொடர்ந்து செல்கிறது. ஆகவே பயணச்சீட்டின் மூன்றெழுத்து ‘எந்த ஊருக்கான சேவை விற்கப்பட்டது’ என்பதைத்தான் முதலில் சொல்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதை அது சொல்வதில்லை.

திருவனந்தபுரத்துக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது, பெயர் ஒலியால் வருவது. திருவனந்தபுரம், திருச்சிராப்பள்ளி, திருப்பதி மூன்றும் ‘திரு’வில் தொடங்குகின்றன. ஆங்கில வழக்கிலோ ‘டிரிவாண்ட்ரம்’, ‘டிரிச்சி’ இரண்டும் TRI எனத் தொடங்குபவை. TRI என்ற குறியீடு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஒரு நிலையத்துக்கு உரியது. திருவனந்தபுரம் TRV, திருச்சி TRZ, திருப்பதி TIR. முதலிரண்டுக்கும் வேறுபாடு கடைசி எழுத்தில் மட்டுமே. V என்பது பழைய ஆங்கிலப் பெயரில் இருக்கும் எழுத்து; Z திருச்சியின் எந்த எழுத்துக்கூட்டலிலும் இல்லாதது. நினைவில் கொள்ள இதுவே எளிய வழி. வளைகுடா நாடுகள், சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருந்து இரு நிலையங்களுக்கும் விமானங்கள் உண்டு என்பதால், தவறாகத் தேர்ந்தெடுத்த சீட்டின் கட்டணமும் பயண நேரமும் ஐயத்தை எழுப்புவதில்லை. தவறு வெளிப்படும்போது பயணிக்கும் வீட்டுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை கிடக்கும். உடைமையில் ஒட்டப்படும் நீளச்சீட்டில் சேருமிடக் குறியீடு பெரிய எழுத்தில் அச்சாகிறது. பெட்டி நகரும் பட்டையில் ஏறுமுன் அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்துக்கொள்வதே இறுதி வாய்ப்பு.

இதனோடு ரயில்வேயின் குறியீடுகளும் கலந்துவிடுகின்றன. தென்னிந்தியப் பயணிக்கு ரயில் நிலையக் குறியீடுகளே முதலில் பழக்கமானவை. திருவனந்தபுரம் சென்ட்ரலின் ரயில் குறியீடு TVC. விமான உலகில் TVC என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டி. இதில் ஏமாறுவோர் அரிது, கட்டணமே எச்சரித்துவிடும். TCR அவ்வளவு வெளிப்படையானதன்று. ரயிலில் அது திருச்சூர், வானில் அது தூத்துக்குடி. இரண்டு குறியீட்டு மரபுகளும் ஒன்றையொன்று கலந்தாலோசித்து உருவானவையல்ல.

இரண்டாவது சிக்கல் நிலையத்தின் அமைப்பால் வருவது. 2011 வரை உள்நாட்டு, பன்னாட்டு முனையங்கள் இரண்டும் சங்குமுகம் கடற்கரைப் பக்கத்தில் அருகருகே இருந்தன. வழிதவறினாலும் சில நிமிட நடைதான். 2011இல் புதிய பன்னாட்டு முனையம் ஓடுபாதையின் மறுபக்கத்தில், சாக்கையில், புறவழிச்சாலையை ஒட்டித் திறக்கப்பட்டது. அன்றுமுதல் TRV என்ற ஒரே குறியீட்டுக்கு இரண்டு வாயில்கள், இடையே ஓடுபாதை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக இயலாது. நிலையத்தைச் சுற்றிக்கொண்டு நகரச் சாலை வழியே வாகனத்தில்தான் போகவேண்டும். நாகர்கோவிலிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் வருபவருக்கு இரண்டாம் முனையம் வழியிலேயே தென்படும், முதல் முனையத்துக்குக் கடலை நோக்கித் திரும்பவேண்டும். காலை நெரிசலில் இதற்காகும் நேரம், விமானம் ஏறுவதற்கும் தவறவிடுவதற்கும் உள்ள இடைவெளிக்குச் சமமாகிவிடலாம்.

‘உள்நாட்டுப் பயணம் என்றால் முதல் முனையம்’ என்ற எளிய விதி போதுமா என்றால், போதாது. ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படும் வழக்கம் இங்கு நெடுங்காலம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் விமானமே ஒரு உள்நாட்டுத் துண்டையும் பறந்து முடிப்பதுண்டு. அதில் ஏறும் உள்நாட்டுப் பயணி பன்னாட்டு முனையத்துக்குப் போகவேண்டும், சுங்கப் பகுதியையும் கடக்கவேண்டும். விமான எண் அதன் முழு வழிக்கும் ஒன்றே என்பதால், எண்ணைக் கொண்டு இது தெரியாது. முனையத்தை முடிவுசெய்வது பயணியின் சேருமிடமன்று, விமானத்தின் வழியும் அதை இயக்கும் நிறுவனமும்.

இயக்கும் நிறுவனம் என்ற சொல்லில்தான் விமான எண்ணின் நுட்பம் இருக்கிறது. எண்ணின் முதலிரு எழுத்துருக்கள் நிறுவனத்தின் குறி: AI ஏர் இந்தியா, IX ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 6E இண்டிகோ. பின்வரும் நான்கு இலக்கங்கள் வரையிலான எண் அந்நிறுவனம் தன் சேவைக்கு இட்டது. ஆனால் முதலிரு எழுத்துருக்கள் சீட்டை விற்றவரைத்தான் காட்டும், விமானத்தைப் பறக்கவிடுபவரை அல்ல. ஏர் இந்தியாவின் எண்ணில் விற்கப்பட்டு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இயக்கும் விமானங்கள் உண்டு. ஒரே விமானத்துக்கு இரண்டு எண்கள்; நிலையத்தின் பலகையில் அவை மாறிமாறித் தோன்றும்.

நாகர்கோவிலிலிருந்து டெல்லியில் நடக்கும் கருத்தரங்குக்குச் செல்லும் ஓர் ஆய்வு மாணவியின் சீட்டில் இவ்வாறு இருப்பதாகக் கொள்ளலாம்:

```
TRV T2 – DEL T3
```

முதலில் பார்க்கவேண்டியது TRV, TRZ அல்ல என்பது. அடுத்தது T2. உள்நாட்டுப் பயணமாயிற்றே என்று அதைப் பிழையாகக் கருதிச் சங்குமுகத்துக்கு வண்டியைத் திருப்பினால் அங்கே வாயிற்காவலர் சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். மூன்றாவதாக, எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘இயக்குபவர்’ என்ற வரி இருக்கிறதா என்று நோக்கவேண்டும். அங்கே வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், முனையத்தை அந்நிறுவனத்தின் பக்கத்தில் சரிபார்ப்பதே முறை. சீட்டு வாங்கிய நாளில் அச்சான முனைய எண், பயண நாளுக்குள் மாறியிருக்கவும் கூடும். நிறுவனங்கள் தம் சேவையை ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்கின்றன. அப்போதும் TRV மாறுவதில்லை, விமான எண்ணும் மாறவேண்டியதில்லை. ஆகவே புறப்படும் நாளுக்கு முன்மாலையில் ஒருமுறை பார்ப்பது, சீட்டு வாங்கும்போது பத்துமுறை பார்ப்பதைவிடப் பயனுள்ளது. திரும்பும் பயணத்துக்கும் இதே சோதனை தனியே தேவை. போகும்போது இறங்கிய முனையத்திலிருந்தே திரும்பும் விமானமும் புறப்படும் என்பதற்கு உறுதியில்லை.

இரு முனையங்களையும் பிரிக்கும் அந்த ஓடுபாதையை ஆண்டுக்கு இருமுறை மனிதர் நடந்தே கடக்கின்றனர். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் முடிவில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையின் குறுக்கே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. நிலையம் தோன்றுவதற்கு முன்பே இருந்த வழி அது. அந்தச் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்படுகிறது, விமானங்களின் நேரங்கள் மாற்றியமைக்கப்படுகின்றன. விமானிகளுக்கு முன்கூட்டியே அனுப்பப்படும் அறிவிப்பில் நிலையத்தின் பெயர் VOTV. அதே நாளில் பயணம் செய்பவரின் திருத்தப்பட்ட சீட்டில் அது TRV.